அடிக்காத மணி

மாலை முறைக்கு வந்த குகதாசன் கட்டுப்பாட்டு அறையின் இரும்புக் கதவில் கை வைத்ததும் கட்டடமே குலுங்கியது. முதலில் ஓர் உறுமல், அதன் பின்னாலேயே காதை அடைக்கும் வெடி. கூரைத் தகடுகள் கிடுகிடுத்தன. முற்றத்து ஜன்னலொன்று உடைந்து கொட்டியது. எரிந்த எண்ணெயின் காரநெடி தொண்டையைப் பிடித்தது.

வெடிச்சத்தம் அவனுக்குப் புதிதல்ல. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவனைத் திகைக்கவைத்தது வேறொன்று. உள்ளே சத்தமே இல்லை.

ட்ரான்ஸ்போமரில் சின்னக் கோளாறு என்றாலும் அந்த அறையில் பள்ளிக்கூட மணிபோல ஒரு மணி அலறும். தெருவில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். இன்று ஒரு ட்ரான்ஸ்போமரே வெடித்திருக்கிறது, மணி மட்டும் வாயே திறக்கவில்லை.

"அண்ணை!"

அம்புறோஸ் பலகையின் முன்னால் நின்றார். காலை முறைக்காரர். இன்னும் எட்டு நிமிடத்தில் வேலை முடித்து, வில்லியே லே பெல் புறநகர் ரயிலைப் பிடித்திருக்க வேண்டியவர். மன்னார் ஆள், கனத்த உடம்பு, எதற்கும் பதறாத முகம். இன்று அந்த முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"ஒண்டு போயிட்டுது தம்பி. முதலாம் நம்பர் ட்ரான்ஸ்போமர்."

"ஆரும் உள்ளுக்கை நிண்டவையோ?"

"இல்லை. கதவு பூட்டித்தான் கிடந்தது. திறப்பு என்ரை சட்டைப்பையிலை." தட்டியும் காட்டினார். "பொம்பியேக்கான பொத்தானை அமத்திட்டன். நெருப்பணைக்கிறவை வருகினம்."

குகதாசனுக்கு மூச்சு வந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை. மற்றதெல்லாம் இரும்பும் எண்ணெயும்.

லா சப்பல் சரக்கு ரயில் தண்டவாளங்களை ஒட்டி நின்ற அந்தக் குளிர்களஞ்சியத்துக்குச் சொந்தமாக ஒரு சப்ஸ்டேசன் இருந்தது. நகரத்தின் இருபதினாயிரம் வோல்ட் கம்பி இங்கே வந்து, இரண்டு ட்ரான்ஸ்போமர்களில் நானூறு வோல்ட்டாக இறங்கும். முதலாம் நம்பர் கட்டடத்தின் ஒரு பாதிக்கு, இரண்டாம் நம்பர் மறுபாதிக்கு. நடுவில் செங்கல்லால் எழுப்பிய தடித்த தீச்சுவர். ஒன்று படுத்தால் மற்றதன் மின்சாரத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட ஓர் இணைப்பு பிரேக்கர் உண்டு. ஊரில் மின்சார சபையில் ஒப்பரேற்றராக இருந்த குகதாசனை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவர் அம்புறோஸ்தான். முதலாளி பத்ரோனிடம் போய், "இவன் எனக்குத் தம்பி மாதிரி, பிழை விட்டால் என்னைக் கேளுங்கோ" என்று தன் ஓட்டைப் பிரெஞ்சில் ஜாமீன் நின்றவரும் அவரே.

சாமான் ஏற்றியிறக்கும் தூக்கியின் கூண்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழும்பியது.

"குகதாசன் அண்ணை! அம்புறோஸ் அண்ணை! உயிரோடை இருக்கிறியளோ? மீன்பெட்டியோடை மீன்பெட்டியா என்னையும் அடைச்சுப்போட்டியள்!"

பொதிகட்டும் பகுதி யோகராணி. தூக்கி அரைமாடியில் நின்றுவிட்டது.

"பொறு பிள்ளை! கதவை உதைக்காதை!" என்று அம்புறோஸ் கத்தினார்.

"உதைக்கேல்லை, குளிருக்குத் துள்ளுறன்! புகை மணக்குது அண்ணை, கெதியாய்ப் பாருங்கோ!"

குகதாசன் பலகையருகே போனான். கோளாறைக் கண்டு மின்சாரத்தை வெட்டும் ரிலேக்களின் சின்னக் கண்ணாடி ஜன்னல்களில் விழுந்து கிடந்த கொடிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தான். கொடி விழுந்தால் அந்த ரிலே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வாசித்துக் குறித்து, இரண்டாவது ஆள் பார்த்துச் சரி சொல்லும்வரை யாரும் அதைத் தூக்கிவிடக் கூடாது. ஊரிலும் அதே சட்டம், இங்கேயும் அதே சட்டம்.

"உடனடி மிகைமின்னோட்டம், முதலாம் கட்டக் கம்பி, மூன்றாம் கட்டக் கம்பி. விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு" என்றார் அம்புறோஸ்.

"இரண்டாம் கட்டம் விழேல்லை. ஏர்த் ரிலே விழுந்திருக்கு. புக்கோல்ஸ் ட்ரிப் விழுந்திருக்கு. புக்கோல்ஸ் அலாம் விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு." இந்த முறை குரல் அடங்கி வந்தது.

புக்கோல்ஸ் என்பது ட்ரான்ஸ்போமரின் மூக்கு. உள்ளே எண்ணெய் கருகினால் முதலில் கொஞ்சம் வாயு எழும்பும். அது சேர்ந்ததும் எச்சரிக்கை மணி. எண்ணெய் பொங்கிப் பாய்ந்தால் மணியோடு நிற்காது, பிரேக்கரையே தட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். பெரிய வெடிப்பில் இரண்டு கொடியும் சேர்ந்தே விழும். ஆகவே அந்த இரண்டு கொடியில் யாருக்கும் சந்தேகம் வராது.

குகதாசனின் கண் கொடியைத் தாண்டிக் கீழே போனது. மணியின் வெட்டு சுவிச் 'நிறுத்தம்' பக்கம் திரும்பியிருந்தது.

வெடித்த பிறகு யாரும் அதைத் திருப்பவில்லை. வெடிக்கும்போது அவன் வாசலில் நின்றான். மணி ஒரு நொடிகூட அடிக்கவில்லை. அப்படியென்றால் வெடிக்கு முன்பே திருப்பியாகிவிட்டது.

"அண்ணை. இதை ஆர் திருப்பினது?"

அம்புறோஸ் உதட்டை நக்கினார்.

"எப்ப அடிச்சது?"

"ஒண்டு இருபத்தொண்டுக்கு."

அரை மணி நேரத்துக்கு மேல். மணி அடித்தால் செய்ய வேண்டியது என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் இருவரும் சொல்வார்கள். பாரத்தை மற்ற ட்ரான்ஸ்போமருக்கு மாற்று, இதைக் கழற்று, வாயுவை எடுத்துப் பார். பத்து நிமிட வேலை. செய்திருந்தால் இந்நேரம் முதலாம் நம்பர் ஆறிப்போய்ச் சும்மா நின்றிருக்கும்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"போன் கோல் ஒண்டு வந்தது. மன்னாரிலை இருந்து."

குகதாசனுக்கு விளங்கியது. விளங்கியபோது கோபமும் வந்தது. ஒக்டோபரில் சண்டை தொடங்கியதிலிருந்து ஊர்ப்பக்கம் போன் கிடைப்பதே அரிது. வீட்டில் போன் இல்லாத லா சப்பல் பெடியன்கள் பலரும், எந்நேரமும் ஆள் இருக்கும் இடம் என்று இந்த அறையின் இலக்கத்தைத்தான் ஊருக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். குகதாசனும் ஊரில் விட்டுவந்த மனைவி கோசலைக்கு எழுதியிருந்தான். யாழ்ப்பாணத்தில் அவள் இருந்த தெருவே இப்போது இல்லை என்று ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடையில் ஒருவன் சொன்னதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அம்புறோஸுக்கோ மன்னாரில் அம்மா.

"கிழமைக்கணக்காக் காத்துக்கிடந்து மூண்டு நிமிசம் கிடைக்கிற கோல் தம்பி. இது தலைக்கு மேலை நிண்டு அலறுது. திருப்பிவிட்டன். செவ்வாய்க்கிழமை எண்ணெய் வடிகட்டினவங்கள்தானே? அதுக்குப் பிறகு உள்ளை நிண்ட காத்துக்கு மூண்டு தரம் சும்மா அடிச்சது. இதுவும் காத்துத்தான் எண்டு..."

"கோல் முடிஞ்ச பிறகு?"

"போய்ப் பாக்கவேணுமெண்டுதான் நினைச்சனான். கதிரையிலை இருந்திட்டன். எழும்பேலாமல் இருந்திட்டன்." நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உன்னட்டை ஒண்டு..."

"பிறகு!" என்று வெட்டினான் குகதாசன். "ஆள் தூக்கிக்கை நிக்குது. முதல் இதைக் கழட்டுவம்."

அம்புறோஸ் பிரேக்கரை இழுக்கும் கைப்பிடியை எடுத்து நீட்டினார். "நீ செய். நான் சரி பாக்கிறன்."

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு குகதாசன் நானூறு வோல்ட் தாழ்மின் பலகைக்குப் போனான். இருபதினாயிரம் வோல்ட் மேல்பக்க பிரேக்கர் விழுந்ததும் கீழ்ப்பக்க பிரேக்கரும் தானாக விழ வேண்டும். விழுந்திருந்தது. ஆனாலும் 'விழ வேண்டும்' என்பதை நம்பி எவனும் கை வைப்பதில்லை.

"முதலாம் நம்பர், தாழ்மின் பிரேக்கர். திறந்திருக்கு."

"திறந்திருக்கு. வெளியிலை இழு."

இழுத்தான். பூட்டிய சாவி கையோடு வந்தது. இனி அந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் பின்வழியாக ஏறாது. அடுத்தது இருபதினாயிரம்.

"மேல்மின் பிரேக்கர் திறந்திருக்கு. ஐசலேற்றரைத் திறக்கிறன்."

"திற."

கம்பியைத் துண்டிக்கும் மூன்று கத்திகளும் விலகியதை ஜன்னல்வழியே கண்ணால் பார்த்தான். நீண்ட சோதனைக்கோலை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் தொட்டான், விளக்கு எரிந்தது. பிறகு ட்ரான்ஸ்போமர் கேபிளின் மூன்று கட்டக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டான். எரியவில்லை. மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில். எரிந்தது. சோதனைக்கோல் பொய் சொல்லவில்லை.

"மின்சாரம் இல்லை. ஏர்த் போடுறன்."

"போடு."

ஏர்த் கத்தி டங் என்று விழுந்தது. பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான். மணி இரண்டு தாண்டி நான்கு நிமிடம். முற்றத்தில் தீயணைப்பு வண்டியின் இரைச்சல். தலைக்கவசத்தோடு ஓடிவந்த அதிகாரியிடம் குகதாசன், "முதலாவது கழற்றி, நிலத்தோடு இணைத்தாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதில் மின்சாரம் இருக்கிறது. அங்கே தண்ணீர் வேண்டாம்" என்றான். அவர் தலையாட்டிவிட்டு ஓடினார். வெள்ளைத் தூள் சீறியடித்தது. கிழிந்த தொட்டியிலிருந்து வழிந்த எண்ணெய் கீழே சரளைக்கல் குழிக்குள் இறங்கியிருந்ததால் நெருப்புக்குப் பரவ இடம் கிடைக்கவில்லை. கால் மணி நேரத்தில் வெறும் புகைதான் மிஞ்சியது.

பொறுப்பாளர் மொசியே கார்லியே வேர்க்க வேர்க்க உள்ளே வந்தார். கெட்ட மனிதர் அல்ல. கத்துவார், பிறகு மறந்துவிடுவார்.

"எப்போது மின்சாரம் வரும்?"

"இணைப்பைப் போட்டால் வரும், மொசியே."

"போடேன்! தூக்கிக்குள் ஆள் இருக்கிறாளே!"

"ஒரே ஒரு கேள்வி" என்றபடி அவர் பின்னாலேயே வந்தார் தீயணைப்பு அதிகாரி. "இரண்டாவதும் இதே வகைதானே? முதலாவது வெடிக்கும் முன் ஏதாவது எச்சரிக்கை தந்ததா? இல்லை, திடீரென்று போனதா?"

அம்புறோஸ் தரையைப் பார்த்தார்.

குகதாசனின் மண்டைக்குள் இரண்டு கணக்கு ஓடியது. 'திடீரென்று' என்று சொன்னால் விஷயம் முடிந்தது. கொடிகள் அந்தக் கதைக்கு ஒத்துப்போகும். வெட்டு சுவிச்சை அவர்கள் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அம்புறோஸ் அண்ணையின் வதிவிட அட்டை, அந்தக் கார்த் து செஜூர், வருகிற மாதம் முடிகிறது. பிரிபெக்தூர் அலுவலகத்தில் புதுப்பிக்க பத்ரோனின் வேலைக் கடிதம் வேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் அவர் யார்?

மற்றக் கணக்கு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. அதே ஆட்கள், அதே செவ்வாய்க்கிழமை, அதே இயந்திரத்தால் வடிகட்டிய எண்ணெய். முதலாவது சும்மா வெடித்தது என்று எழுதினால், இன்றைக்கு இரண்டாவதன் மணி அடிக்கும்போது அடுத்த முறைக்காரன் போர்த்துக்கேயனும் காற்று என்றுதான் நினைப்பான். அவனும் சுவிச்சைத் திருப்புவான்.

"முதலில் இரண்டாவதைப் பார்க்கிறேன்" என்றான் குகதாசன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனான். கம்பிவலைக்கு வெளியே நின்று, இரண்டாவது ட்ரான்ஸ்போமரின் மேல் குழாயில் இருந்த புக்கோல்ஸின் கண்ணாடி மேல் ஒளியைப் பாய்ச்சினான். வாயு சேர்ந்திருந்தால் எண்ணெய் கீழே இறங்கியிருக்கும். கண்ணாடி முழுக்க எண்ணெய். ஒரு குமிழிகூட இல்லை. வெப்பமானி முள் அறுபதில். உறுமல் ஒரே சீராக இருந்தது.

திரும்பிவந்ததும் முதல் வேலையாக முதலாம் நம்பரின் அலாம் கம்பியைக் கழற்றிவிட்டு, மணியின் வெட்டு சுவிச்சைப் பழையபடி திருப்பினான். இனி மணி இரண்டாவதற்காக மட்டும் விழித்திருந்தது.

"இரண்டாம் நம்பர் இப்ப எவ்வளவு எடுக்குது அண்ணை?"

"ஆயிரத்து முந்நூறு அம்பியர்."

"இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேலை ஏலாது. பெரிய கம்பிரசர் ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. வெளிச்சம், தூக்கி, காத்தாடி, அவ்வளவுதான் இப்போதைக்கு."

அம்புறோஸ் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தார். முதலாம் நம்பரிலிருந்து எடுத்த சாவியை இணைப்பு பிரேக்கரின் பூட்டில் போட்டான் குகதாசன். அந்தச் சாவி இல்லாமல் இணைப்பு அசையாது. ஒன்றை வெளியே இழுத்தால்தான் மற்றது உள்ளே போகும். அப்படிக் கட்டிவைத்த மனிதனை வாழ்த்த வேண்டும்.

"தம்பி..." என்றார் அம்புறோஸ் மறுபடி. கண் குகதாசனின் கையில் இருந்தது. கை பிரேக்கரின் பிடியில் இருந்தது. "இல்லை. போடு."

போட்டான்.

வெளிச்சம் வந்தது. எங்கோ ஒரு மோட்டார் முனகி எழும்பியது. அம்மீற்றர் முள் துள்ளி, ஆயிரத்து எண்ணூறில் நின்று நடுங்கியது. மணி இரண்டு முப்பத்தொன்று. எல்லோரும் எச்சரிக்கை மணியையே பார்த்தார்கள். அது அடிக்கவில்லை. இந்த முறை அடிக்காதது நல்லது.

தூக்கி கீழே வந்து நின்றது. யோகராணி ரப்பர் சப்பாத்தோடு இறங்கிவந்தாள், மூக்கு சிவந்திருந்தது.

"எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி வேணும். ரெண்டு பேரும் சேர்ந்து தரவேணும்" என்றவள், அம்புறோஸின் முகத்தைப் பார்த்ததும் பகிடியை நிறுத்திக்கொண்டாள். "என்ன அண்ணை, ஆருக்கும் ஏதுமோ?"

"இல்லைப் பிள்ளை. போய்ச் சூடாக் குடி."

அவள் போனாள். அதிகாரியும் போனார். கார்லியே மட்டும் நின்றார். நகர மின்விநியோகத்தின் கட்டுப்பாட்டு மேசை அறிக்கைக்காகத் தொலைபேசியில் காத்திருந்தது. சுவிச்சைப் போட்டவனே அறிக்கையும் சொல்ல வேண்டும், அது நடைமுறை.

குகதாசன் தொலைபேசியை எடுத்தான். மன்னார் கோல் வந்ததும் இதே தொலைபேசியில்தான்.

"சொல்லுங்கள், மொசியே" என்றது ஒரு பெண்குரல்.

ஒருமுறை அம்புறோஸைப் பார்த்தான். தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டான்:

"ஒரு கோலுக்காக, அண்ணை. ஒரேயொரு கோலுக்காக."

"ஓம்" என்றார் அம்புறோஸ். "உள்ளதைச் சொல்லு."

குகதாசன் சொல்லத் தொடங்கினான். பிரெஞ்சு அவனுக்கு இன்னும் கல்லுப் பாதைதான்; அதனால் ஒவ்வொரு சொல்லாக வைத்து நடந்தான்.

"பதின்மூன்று ஐம்பத்திரண்டு. முதலாம் ட்ரான்ஸ்போமர் வெடித்துத் தீப்பிடித்தது. ஆட்சேதம் இல்லை. விழுந்த கொடிகள்: உடனடி மிகைமின்னோட்டம் ஒன்றாம், மூன்றாம் கட்டங்கள், ஏர்த், புக்கோல்ஸ் ட்ரிப், புக்கோல்ஸ் அலாம். இரண்டு பக்க பிரேக்கரும் தாமாகத் திறந்தன. தாழ்மின் பிரேக்கர் வெளியே இழுத்துப் பூட்டப்பட்டது. ஐசலேற்றர் திறக்கப்பட்டது. மின்சாரம் இல்லை என்று சோதித்து, பதினான்கு நான்குக்கு ஏர்த் போடப்பட்டது. பதினான்கு முப்பத்தொன்றுக்கு இணைப்பு வழியாக மின்சாரம் திரும்பியது, பெரிய கம்பிரசர்கள் தவிர."

"நன்றி. முன்னெச்சரிக்கை?"

கார்லியே திரும்பிப் பார்த்தார்.

"புக்கோல்ஸ் அலாம் பதின்மூன்று இருபத்தொன்றுக்கு அடித்தது. மணி நிறுத்தப்பட்டது. பாரம் மாற்றப்படவில்லை. வாயு எடுக்கப்படவில்லை. எண்ணெய் வடிகட்டிய பின் வந்த காற்று என்று நினைத்ததுதான் காரணம். இரண்டாவதும் அதே நாளில் வடிகட்டியது. அதன் எண்ணெயை இன்றே சோதிக்க வேண்டும். மணி அடித்தால் யாரும் காற்று என்று நினைக்கக் கூடாது."

"கடமையில் இருந்தவர்?"

"அம்புறோஸ்" என்றார் அம்புறோஸ், தொலைபேசிக்குக் கேட்கும்படி, தானே.

கார்லியே கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளை காலை என் அறைக்கு வா என்று மட்டும் அம்புறோஸிடம் சொல்லிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார். கத்தி மறந்துவிடுகிற மனிதர் கத்தாமல் போனால் அது மறக்கிற விஷயம் அல்ல.

கதவு சாத்தியது. உறுமல் மட்டும் கேட்டது. குகதாசன் கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தான்.

"என்னைத் திட்டுங்கோ அண்ணை. எனக்கு வேலை எடுத்துத் தந்த ஆளை நானே..."

"ஏன் திட்டுறன்? நீ சொல்லாட்டி நான் சொல்லியிருப்பன். என்ரை பிரெஞ்சுக்கு அந்தப் பொம்பிளை நாளைக்கும் லைனிலை நிண்டிருப்பாள்."

அம்புறோஸ் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டார். நாளைக்கு வேலை போகப்போகிற மனிதனின் முகமாக அது இல்லை. குகதாசனுக்கு எரிச்சல் ஏறியது.

"சிரிக்கிறியள்! அப்பிடி அம்மா என்னதான் சொன்னவ, சுவிச்சைத் திருப்புற அளவுக்கு?"

அம்புறோஸ் கிட்டே வந்தார். குகதாசனின் இரண்டு கைகளையும் பார்த்தார். அவை இப்போது எந்தப் பிடியிலும் இல்லை, எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அதை உறுதிசெய்துகொண்டவர்போல அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"கதைச்சது அம்மா இல்லையடா தம்பி, உன்ரை கோசலை. நடந்தே மன்னாருக்கு வந்து சேர்ந்திட்டாள், மணி அடிக்கிற அடியிலை அவளின்ரை குரல் எனக்குக் கேக்கேல்லை."